பால்கனி எந்தப் பக்கம் பார்க்கிறது? இரண்டு வாடகை வீடுகளில் கற்றது

மடிப்பாக்கத்தில் நாங்கள் முதலில் குடியிருந்த வாடகை வீட்டை ஒரு டிசம்பர் காலை பத்து மணி வாக்கில் போய்ப் பார்த்தோம். இரண்டாவது மாடி. ஹாலை ஒட்டி நீளமான பால்கனி, நல்ல காற்று, வெயில் துளிகூட இல்லை. "வடக்குப் பார்த்த பால்கனி மேடம், வருஷம் பூரா வெயில் வராது" என்றார் புரோக்கர். நான் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. போனில் காம்பஸைத் திறந்து, கிரில் ஓரமாக நின்று, வெளிப்பக்கம் நீட்டிப் பார்த்தேன். 5 டிகிரி என்று காட்டியது. 0 என்றால் நேர் வடக்கு, 90 கிழக்கு, 180 தெற்கு, 270 மேற்கு. ஆக 5 என்பது வடக்குதான். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.

ஏப்ரல் பாதியில் தொல்லை தொடங்கியது. மூன்று மணிக்குப் பால்கனித் தரையில் விழும் வெயில், நாலரைக்கு ஹாலுக்குள் நுழையும், ஐந்தரைக்கு எதிர்ச் சுவரில் ஏறி நிற்கும். மாமியார் மதியம் கண் அயர்வது ஹாலில்தான். மே மாதம் முழுக்க அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்துவிடுவார். இரவு பத்து மணிக்குப் பால்கனிப் பக்கச் சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். "வடக்குன்னு சொன்னாங்களேம்மா, வடக்குல எப்படி சூரியன் விழும்?" என்று அவர் கேட்டதுதான் என்னை உட்கார்ந்து பார்க்க வைத்தது.

அன்று இரவு கூகுள் மேப்பில் எங்கள் கட்டடத்தைச் சாட்டிலைட் வியூவில் திறந்தேன். வடக்கு மேலே இருக்கும்படி படத்தை நேராக்கியதும் காரணம் தெரிந்தது. எங்கள் தெரு முழுவதுமே சாய்வாக ஓடுகிறது. அதோடு ஒட்டி எங்கள் மொட்டைமாடியும் சாய்ந்திருந்தது. பிறகு கம்ப்யூட்டரில் அளந்தபோது பால்கனி பார்க்கும் திசை 318 டிகிரி என்று வந்தது. அது வடக்கு இல்லை, நல்ல வடமேற்கு. என் போன் காட்டிய 5 டிகிரிக்கும் இதற்கும் 47 டிகிரி வித்தியாசம்.

போன் ஏன் அப்படிக் காட்டியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனுக்குள் இருப்பது ஒரு காந்த உணரி. பூமியின் காந்தப்புலத்தை அளந்து அதிலிருந்து வடக்கைக் கணக்கிடுகிறது. சென்னையில் அந்தப் புலத்தின் வலு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. இது மிக மெல்லியது. பக்கத்தில் இரும்பு கிரில், கான்கிரீட்டுக்குள் கம்பி, வாஷிங் மெஷின், லிப்ட் என்று எது இருந்தாலும் அதுவும் தன் பங்கைச் சேர்க்கும். உணரிக்கு எது பூமியுடையது, எது கிரில்லுடையது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டின் கூட்டலைத்தான் வடக்கு என்று காட்டும். நான் நின்றதோ கிரில்லுக்கு ஒரு சாண் தூரத்தில். போதாததற்கு என் போனின் உறை மடித்து மூடும் வகை. அதன் மூடியைப் பிடித்துவைக்க உள்ளே ஒரு காந்தத் துண்டு இருக்கிறது. மூடியைப் பின்பக்கம் மடித்துப் பிடித்திருந்தேன். ஆக, காந்தத்தைக் காம்பஸின் முதுகில் ஒட்டிவைத்துத்தான் திசை பார்த்திருக்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்க அன்றே ஒரு வழி இருந்தது. ஒரே திசையில் போனை நீட்டியபடி இரண்டடி பின்னால் நகர்ந்திருந்தாலே எண் மாறியிருக்கும். திசை என்பது இரண்டடி நகர்ந்தால் மாறுகிற விஷயம் இல்லை. மாறினால் நாம் பார்ப்பது வடக்கை அல்ல, பக்கத்தில் இருக்கும் இரும்பை. பிறகொரு நாள் உறையைக் கழற்றிவிட்டு அதே பால்கனியில் நான்கு இடங்களில் பார்த்தேன். 302, 311, 329, 344 என்று ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்று. கீழே இறங்கித் தெரு நடுவில் நின்று பார்த்தபோது 319 என்று வந்தது, பத்தடி நடந்த பிறகும் ஏறத்தாழ அதுவே நின்றது.

இப்போது வெயில் விஷயம். வடக்குக்கும் வடமேற்குக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று என் கணவர் கேட்டார். சென்னையில் அது மிகப் பெரிய வித்தியாசம். நாம் இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். சூரியன் ஜூன் 21 வாக்கில் 23.4 டிகிரி வரை வடக்கே போகிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் ஒரு நாளும் நண்பகலில் நம் நிழல் காலடியிலேயே விழும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. வடக்குப் பக்கம் வெயிலே வராது என்பது டிசம்பருக்குச் சரி, ஜூனுக்குச் சரியில்லை.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. மேற்கே இறங்கும் சூரியன் மதியம் முழுக்கத் திசை மாறிக்கொண்டே போகும் என்றுதான் நினைத்திருந்தேன். ஜூன் மாதச் சென்னையில் அப்படி இல்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அது சுமார் 290 டிகிரியை, அதாவது மேற்கிலிருந்து இருபது டிகிரி வடக்கே தள்ளிய ஒரு திசையைப் பிடித்துக்கொள்கிறது. அங்கிருந்து மறையும்வரை கிட்டத்தட்ட அதே திசையில் நேர் கீழாக இறங்குகிறது. மறையும் இடம் 294 டிகிரி. மே மாதத்திலும் ஏறக்குறைய இதே கதைதான், சில டிகிரி மேற்கே தள்ளி. டிசம்பர் கடைசியிலோ அது 246 டிகிரியில், தென்மேற்கை ஒட்டி மறைகிறது.

எங்கள் பால்கனி 318. டிசம்பர் மாலை வெயில் அதற்குப் பக்கவாட்டில் 72 டிகிரி விலகி நிற்கிறது. பால்கனியின் பக்கச் சுவரே அதை மறைத்துவிடும். ஜூன் பிற்பகல் வெயிலோ 28 டிகிரிதான் விலகல், கிட்டத்தட்ட முகத்துக்கு நேர். உண்மையாகவே வடக்குப் பார்த்த பால்கனியாக இருந்திருந்தால் ஜூனிலும் 70 டிகிரி விலகல் இருந்திருக்கும், வெயில் ஓரமாக உரசிக்கொண்டு போயிருக்கும். அந்த நாற்பது சொச்சம் டிகிரிதான் மாமியாரின் மதியத் தூக்கம்.

அடுத்த வீடு தேடியபோது ஒரு பிப்ரவரி. அந்த முறை வீட்டுக்குப் போகும் முன்பே வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

புரோக்கர் அனுப்பிய விளம்பரத்தில் "கிழக்குப் பார்த்த வீடு" என்று இருந்தது. முதல் கேள்வி, எது கிழக்குப் பார்த்தது? தனி வீட்டில் வாசலும் தெருவும் பெரும்பாலும் ஒரே பக்கம் இருக்கும், குழப்பம் இல்லை. அடுக்குமாடியில் நம் வாசற்கதவு உள் வராந்தாவைப் பார்க்கும், பால்கனி வேறு பக்கம் பார்க்கும், கட்டடத்தின் முகப்பு மூன்றாவது பக்கம் பார்க்கும். புரோக்கர்கள் சொல்வது வழக்கமாக வாசற்கதவைத்தான், வாஸ்து பார்ப்பவர்கள் கேட்பதும் அதையே. வீட்டுக்குள் நின்று கதவைத் திறந்து வெளியே பார்க்கும்போது முகம் இருக்கும் திசை அது. வெயிலுக்கும் காற்றுக்கும் அதனால் அதிகம் பயனில்லை, ஜன்னலும் பால்கனியும் இருக்கும் சுவர்கள்தான் கணக்கு. நான் போனில் கேட்டேன்: "வாசல் கிழக்கா, பால்கனி கிழக்கா?" "ரெண்டும் கிழக்குதான் மேடம்" என்றார். வராந்தாவின் மறுபக்கம் பால்கனி இருக்கிற வீட்டில் இரண்டும் ஒரே திசையைப் பார்ப்பது அபூர்வம் என்பதால், எனக்கு அந்தப் பதிலிலேயே ஐயம் வந்துவிட்டது. (போய்ப் பார்த்தபோது வாசல் மேற்குப் பக்கம் திறந்தது.)

லொக்கேஷன் அனுப்பச் சொன்னேன். அதில் ஒரு சிக்கல், அனுப்பப்படும் புள்ளி பல நேரம் பக்கத்துக் கட்டடத்தின் மேலோ தெருமுனையிலோ விழுந்திருக்கும். அதனால் மொட்டைமாடியில் என்ன அடையாளம் என்று கேட்டுக்கொண்டேன். நீல நிறத் தண்ணீர்த் தொட்டி இரண்டு, லிப்ட் அறை ஓரத்தில். சாட்டிலைட் படத்தில் அதை வைத்துச் சரியான கட்டடத்தைப் பிடித்தேன்.

இனி அளப்பது. போனில் மேப் பார்க்கும்போது இரண்டு விரலால் தெரியாமல் திருப்பிவிடுவோம். திருப்பினால் திரையின் மேல் ஓரத்தில் சின்னத் திசைமுள் ஒன்று தோன்றும். அதைத் தட்டினால் வடக்கு மறுபடி மேலே வந்துவிடும். படம் சாய்ந்து முப்பரிமாணமாகத் தெரிந்தாலும் கோணம் பிசகும், அதையும் தட்டையாக்கிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் செய்த பிறகு படத்தை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, குழந்தைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானியைத் திரைமேல் வைத்தே அளந்துவிடலாம். திரையின் செங்குத்து ஓரம்தான் வடக்கு தெற்குக் கோடு. என் மகளின் கோணமானியால் முதல் வீட்டை அளந்தபோதும் இரண்டு மூன்று டிகிரிக்குள் சரியாகவே வந்தது.

கம்ப்யூட்டர் இருந்தால் இன்னும் எளிது. கூகுள் எர்த்தின் Google Earth Pro என்ற பதிப்பு 2015 முதல் இலவசம். அதில் Ruler என்ற அளவுகோலை எடுத்து, ஒரு இடத்தில் சொடுக்கி இன்னொரு இடத்தில் சொடுக்கினால், நீளத்தோடு Heading என்று ஒரு எண்ணும் வரும். முதல் புள்ளியிலிருந்து இரண்டாவது புள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்பதுதான் அது, உண்மை வடக்கிலிருந்து டிகிரியில்.

இங்கே நான் செய்த முதல் தவறு, பால்கனியிலிருந்து வெளிப்பக்கமாகக் கண்மதிப்பில் ஒரு கோடு இழுத்தது. செங்குத்தாக இழுக்கிறோமா என்பதற்கு அங்கே பிடிமானமே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வந்தது. சுவர் ஓரமாக இழுத்துவிட்டு, அந்த எண்ணோடு 90 கூட்டிக்கொள்வதே சரி. இன்னொன்று, கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. படத்தில் சுவரின் முனையை ஒரு மீட்டர் தள்ளித் தொட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மீட்டர் சுவரில் அது கிட்டத்தட்ட 5 டிகிரிப் பிழை. அறுபது மீட்டர் கோட்டில் ஒரே ஒரு டிகிரி. எங்கள் கட்டடத்தின் காம்பவுண்டுச் சுவரும் அடுத்த மனையின் சுவரும் ஒரே நேர்கோட்டில் போனதால், இரண்டையும் சேர்த்து அறுபது மீட்டருக்குக் கோடு இழுத்தேன். கட்டடச் சுவர் அந்தக் கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டேன்.

உயரமான கட்டடங்களில் ஒரு விஷயம் கண்ணை ஏமாற்றும். சாட்டிலைட் நேர் மேலிருந்து படம் எடுப்பது அரிது. கொஞ்சம் சாய்வாகத்தான் பார்க்கும். அதனால் ஆறு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி அதன் அடித்தளத்திலிருந்து பல மீட்டர் தள்ளிப்போய், கட்டடமே சாய்ந்து நிற்பதுபோல் தெரியும். இதனால் திசை கெடாது, மேல்மாடி ஓரமும் அடித்தள ஓரமும் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கும். ஆனால் கோட்டின் ஒரு முனையை மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரிலும் மறுமுனையைத் தரையிலும் வைத்துவிட்டால் எல்லாம் போயிற்று. இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இந்தச் சாய்வால் ஒரு லாபமும் உண்டு. படத்தில் கட்டடத்தின் ஒரு பக்கச் சுவர் தெரியும், சில நேரம் பால்கனிகளின் வரிசையையே எண்ணிவிடலாம்.

நிழலையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களின் சாட்டிலைட் படங்கள் பெரும்பாலும் காலை பத்தரை மணியை ஒட்டி எடுக்கப்பட்டவை. சூரியன் அப்போது கிழக்குப் பாதியில் இருப்பதால் கட்டட நிழல் ஏறத்தாழ மேற்குப் பக்கம் விழுந்திருக்கும், மார்கழி தையில் வடமேற்கே. நிழல் திரையின் வலப்பக்கம் விழுந்திருந்தால் படம் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். பக்கத்துக் கட்டடம் எவ்வளவு உயரம், அது நம் வெயிலை மறைக்குமா என்பதையும் நிழலின் நீளம் சொல்லும்.

என் கோட்டின் Heading 17.5 டிகிரி. அதாவது சுவர் வடக்கிலிருந்து பதினேழரை டிகிரி கிழக்கே சாய்ந்து ஓடுகிறது. அதோடு 90 கூட்டினால் 107.5. எதிர்ப்பக்கம் 180 கூட்டினால் 287.5. வீட்டின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பால்கனி எந்தப் பக்கம் என்பதைத் தெருப் படத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். 107 பக்கம்தான். கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே சாய்ந்த பால்கனி. புரோக்கர் சொன்ன கிழக்கு இந்த முறை பெரிய பொய் இல்லை.

அப்புறம்தான் நேரில் போனோம். போன் உறையைக் கழற்றிப் பையில் போட்டேன். தெருவில் இறங்கி, நிறுத்திய கார்களிலிருந்தும் மின்பெட்டியிலிருந்தும் நாலைந்து மீட்டர் தள்ளி நின்று, போனைக் காற்றில் எட்டு வரைவதுபோல் சில தடவை சுழற்றினேன். இது உணரி தன்னைச் சரிசெய்துகொள்ள உதவும். அப்புறம் போனைத் தட்டையாக, நெஞ்சு உயரத்தில், மேல் ஓரம் காம்பவுண்டுச் சுவருக்கு இணையாக இருக்கும்படி பிடித்தேன். 19. இருபதடி நடந்து மறுபடி, 18. கட்டடத்துக்கு முதுகு காட்டி நின்று எதிர்ப்பக்கம் நீட்டினேன், 109.

என் கணவர் அவருடைய போனில் 289 என்றார். இருவரும் கொஞ்ச நேரம் விழித்தோம். அவர் தெருவில் நின்று கட்டடத்தைப் பார்த்தபடி எடுத்திருக்கிறார். போன் காட்டுவது போன் நீட்டிய திசையை. வீடு பார்க்கும் திசை வேண்டும் என்றால் வீட்டுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், அல்லது வந்த எண்ணில் 180 கழிக்க வேண்டும். 289 கழித்தல் 180, அதே 109. கிழக்கு வீட்டை மேற்கு என்று சொல்லிவிடும் பிழைகளில் இதுவே அதிகம் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

எர்த் சொன்னது 107.5, தெரு சொன்னது 109. காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல என்பது இதில் ஒரு சிறு பங்கு. சென்னையில் அந்த வித்தியாசம் ஓரிரு டிகிரிதான், வீடு பார்க்க அது பொருட்டே இல்லை. ஆனால் இதை வெளிநாட்டில் செய்பவர்கள் கவனிக்க வேண்டும். டொராண்டோவில் அது சுமார் 10 டிகிரி, சிட்னியில் 12 டிகிரிக்கு மேல். ஐபோனில் காம்பஸ் அமைப்புக்குள் Use True North என்று ஒரு பொத்தான் உண்டு. அதைப் போட்டுவிட்டால் இந்த வித்தியாசத்தைப் போனே சரிக்கட்டிக்கொள்ளும்.

மேலே போய்ப் பால்கனியிலும் பார்த்தேன், முன்பு போலவே 95இலிருந்து 121 வரை அலைந்தது. இந்த முறை phyphox என்ற இலவச ஆப்பையும் ஏற்றி வைத்திருந்தேன். அது காந்தப்புலத்தின் மொத்த வலுவை மைக்ரோடெஸ்லாவில் காட்டும். தெருவில் 41, 42 என்று நின்ற எண் கிரில் பக்கம் 68 வரை ஏறியது. 40ஐ விட்டு வெகுவாக விலகினால் அந்த இடத்தின் காம்பஸ் எண்ணை ஒதுக்கிவிடலாம். 40 என்று காட்டினால் நம்பிவிடலாம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வலு மாறாமல் திசை மட்டும் திரும்புவதும் நடக்கும். இரண்டு மூன்று இடங்களில் ஒரே எண் வருகிறதா என்பதே பெரிய சோதனை. கூகுள் மேப்பில் நம் நீலப் புள்ளியிலிருந்து விரியும் ஒளிக்கற்றையும் பெரும்பாலும் இதே உணரியை நம்பித்தான் திரும்புகிறது. காம்பஸ் சொன்னதை அதுவும் சொல்கிறது என்பதை இரண்டாவது சாட்சியாகக் கொள்ள முடியாது.

காந்தமே இல்லாத ஒரு சாட்சி அன்று தற்செயலாகக் கிடைத்தது. வீட்டுக்காரர் சாவியோடு வர நேரமானதால் ஒரு மணி வரை அங்கேயே இருந்தோம். பால்கனிப் பக்க வெளிச்சுவரில் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்த வெயில் மெல்ல மெல்லச் சாய்ந்து, சுவரின் மேடுபள்ளமெல்லாம் நீள நிழலாகத் தெரியும்படி உரசி, 12.50ஐ ஒட்டிச் சுவரை விட்டு நழுவியது. அந்தக் கணத்தில் சூரியன் சுவரின் நேர்கோட்டிலேயே நிற்கிறது. அந்த நேரத்துக்குச் சூரியன் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்தால் சுவரின் கோடு கிடைத்துவிடும். SunCalc தளத்தில் இடத்தையும் தேதியையும் மணியையும் கொடுத்தேன். 196 சொச்சம். சுவர்க் கோடு 17.5 என்றால் அதன் மறுமுனை 197.5. பிப்ரவரி நண்பகலில் சூரியன் ஐந்து நிமிடத்தில் மூன்று டிகிரி நகர்ந்துவிடும், கண்ணால் பார்த்துச் சொல்லும் நேரத்துக்கு இதைவிட நெருக்கம் எதிர்பார்க்க முடியாது. மூன்று வழியும் ஒரே இடத்தில் வந்து நின்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது.

அதே SunCalc தளத்தில் தேதியை ஜூன் 21க்கு மாற்றினேன். சாட்டிலைட் படத்தின் மேலேயே சூரியன் வரும் கோடும் போகும் கோடும் வரைந்து காட்டும். அங்கேதான் எங்களுக்கு ஒரு உதை இருந்தது. பால்கனிக்குக் காலை வெயில், பன்னிரண்டு மணியோடு போய்விடும், நல்லது. ஆனால் வீட்டின் பின்பக்கம் 287.5. ஜூன் பிற்பகல் சூரியன் பிடித்துக்கொண்டு நிற்கும் 290க்கு அது இரண்டரை டிகிரிதான் தள்ளி. பழைய வீட்டு ஹாலைவிட மோசமான நிலை. அந்தச் சுவரில் இருந்தது பெரிய படுக்கையறை. வீட்டுக்காரர், "நல்ல வெளிச்சமான ரூம்மா" என்று ஜன்னலைத் திறந்து காட்டினார். உண்மையாகவே வெளிச்சமான அறைதான்.

சாட்டிலைட் படத்தில் அந்த ஜன்னலுக்கு எதிரே ஒரு பெரிய மரம் தெரிந்தது. அது காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் மரமே இல்லை, அடிக்கட்டை மட்டும் இருந்தது. படம் எடுத்த தேதி கூகுள் எர்த்தில் கீழ் ஓரத்தில் இருக்கும். நான் அதைப் பார்க்கவே இல்லை, இரண்டு வருடப் பழைய படம். கட்டடத்தின் திசையைப் பொறுத்தவரை பழைய படத்தால் கெடுதல் இல்லை, கட்டடம் திரும்பப்போவதில்லை. மரம், எதிர்மனை, பக்கத்தில் புதிதாக எழும்பும் மாடி ஆகியவற்றுக்கு நேரில் போய்க் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

மாமியாரிடம் படத்தைக் காட்டி விளக்கினேன். அவர் கோணத்தையெல்லாம் கேட்கவில்லை. "நான் எந்த ரூம்ல படுக்கிறது, அதைச் சொல்லு" என்றார். பால்கனியை ஒட்டிய சின்ன அறை என்றேன். சரி என்றார்.

வீட்டை எடுத்துக்கொண்டோம். பின்பக்கப் பெரிய அறையைப் பகலில் யாரும் புழங்காத அறையாக வைத்துக்கொண்டோம், பீரோவும் துணி காயவைக்கும் கொடியும் அங்கே. ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டினோம். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் தடுக்கும், சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும் என்பதைப் பழைய வீட்டில் இரண்டு கோடை பார்த்தாயிற்று. அந்தக் கொடியில் மே மாதம் மூன்று மணிக்குப் போட்ட ஈரத் துணி, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடுகிறது. மாமியார் வடாம் பிழிவதும் அந்த ஜன்னல் திட்டில்தான்.